"அத்தை, இது நார்மலா?": பிபி மிஷின் படத்துக்குப் பதில் சொல்லும் முறை

போன மார்கழியில் ஒரு நாள் காலை, பெகுவிலிருந்து அண்ணன் மகன் வைபரில் ஒரு படம் அனுப்பினான். பிபி மிஷினின் திரை. மேலே 158, நடுவில் 94, கீழே 88. அதன் அடியில், "அத்தை, இது நார்மலா? அம்மாவோடது."

நான் ரங்கூனில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொந்தத்திலும் தெருவிலும் யார் வீட்டில் மிஷின் வாங்கினாலும் படம் எனக்குத்தான் வரும். நார்மல் என்று சொன்னால் அதோடு மறந்துவிடுவார்கள். இல்லை என்றால் அன்று ராத்திரி வீட்டில் ஒருவரும் தூங்கமாட்டார்கள். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதையும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது எது, அதை எந்த வரிசையில் சொல்வது என்பதை அண்ணியின் படத்தை வைத்தே காட்டுகிறேன். உங்களுக்கும் இப்படிப் படங்கள் வரும்.

படி 1: எண்ணுக்கு முன்னால் ஆள்

முதலில் நான் எழுதியது, "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றுதான். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, இதுவரை வராத கடுமையான தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் திரையில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மறுபடி அளக்கவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

இவை எதுவும் இல்லாமல், மேல் எண் 180 அல்லது திரையின் நடுவில் இருக்கும் கீழ் எண் 120, அதற்கு மேலும் காட்டினால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். கர்ப்பிணிக்கு இந்தக் கோடு வேறு: 140 அல்லது 90 வந்தாலே அன்றே தெரிவிக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்காங்க அத்தை, மொஹிங்கா சாப்பிட்டுட்டு டிவி பார்க்கிறாங்க" என்று பதில் வந்தது. சரி, அவசரமில்லை.

படி 2: படத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பது

SYS என்று போட்டிருப்பது மேல் எண். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக்குழாயில் ஏறும் அழுத்தம். DIA கீழ் எண், இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் விரியும்போது மீதி இருக்கும் அழுத்தம். இரண்டுக்கும் அளவு mmHg. மூன்றாவதாக இருக்கும் PULSE அழுத்தமே இல்லை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு. போனில் வாயால் சொல்பவர்கள் நடு எண்ணை விட்டுவிட்டு "158-க்கு 88" என்று சொல்வது எனக்குப் பழகிப்போன தப்பு. அதனால்தான் படம் அனுப்பச் சொல்வேன்.

படத்திலும் ஏமாறலாம். திரையில் ஒவ்வொரு இலக்கமும் ஏழு சின்னக் கோடுகளால் ஆனது. ஜன்னல் வெளிச்சம் பட்டு நடுக்கோடு மறைந்தால் 8 என்பது 0 ஆகிவிடும், முன்னால் நிற்கும் 1 மங்கினால் 158 என்பது 58 ஆகிவிடும். எண் விசித்திரமாக இருந்தால் சாய்வாக இன்னொரு படம் கேளுங்கள். சில மிஷின்களில் அலகு kPa என்று மாறிப்போய் 18-க்கு 11 மாதிரி எண் வரும். அதை ஏழரையால் பெருக்கினால் பழைய கணக்கு வந்துவிடும்: 18 என்பது 135.

அண்ணியின் படத்தில் மூலையில் ஒரு M இருந்தது. மிஷின் இப்போது அளந்ததைக் காட்டவில்லை, நினைவில் வைத்திருந்த பழைய அளவைக் காட்டுகிறது என்று அர்த்தம். நேரம் பார்த்தால் 12:07, தேதி ஜனவரி 1. கரண்ட் போகும்போதெல்லாம் மிஷினின் பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போடுகிற வீடு அது. பேட்டரி கழற்றியதும் கடிகாரம் ஆரம்பத்துக்கே போய்விடும். ஆகவே இது யாருடைய அளவு, எப்போது எடுத்தது என்று படம் சொல்லாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டேன். இருபது நிமிடம் முன்னால் அண்ணிக்கு எடுத்ததுதான். திரை அணைந்துபோனதால் பையன் நினைவுப் பொத்தானை அழுத்திப் படமெடுத்திருக்கிறான். வேறொரு வீட்டில் இதே M-ஐ நான் கவனிக்காமல், கணவரின் எண்ணை வைத்து மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

இதயப் படம் ஒன்று சில திரைகளில் இருக்கும். அளக்கும்போது மினுக்கினால் துடிப்பை எண்ணுகிறது என்று பொருள். அளந்து முடித்த பிறகும் அலைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தால், துடிப்பின் இடைவெளி சீராக இல்லை என்று மிஷினுக்குத் தோன்றியிருக்கிறது. கை அசைந்தாலும் அது வரும். அசையாமல் அளந்தும் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான். அதற்குப் பெயர் வைக்க ஈசிஜி வேண்டும், நானோ நீங்களோ வைக்கக் கூடாது. அண்ணியின் திரையில் அது இல்லை.

படி 3: எப்படி அளந்தீர்கள் என்று கேட்பது

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். "அளக்கும்போது அம்மா எங்க உட்கார்ந்திருந்தாங்க, கை எங்க இருந்தது, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுகிட்டு இருந்தாங்க?"

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பஜாரிலிருந்து நடந்து வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வந்ததும் ஒரு டீ. உட்கார்ந்தது தரைப்பாயில், சாய்மானம் இல்லாமல். கை தாழ்வான வட்ட மேசையின் மேல். பனிக்காலம் என்று போட்ட ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிவிட்டு அதற்கு மேலே பட்டை. பட்டை இறுகும்போது அண்ணி மகனிடம் மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் ஒவ்வொன்றும் எண்ணை மேலே தூக்கக் கூடியது. கை இருக்கும் உயரத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பட்டை இதயத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஏழெட்டு mmHg கூடுதலாகக் காட்டும். கைக்குள் இருப்பதும் ஒரு திரவம், அதன் எடையும் சேர்ந்து அழுத்துகிறது. பேச்சு, நடந்து வந்த களைப்பு, அடக்கி வைத்த சிறுநீர், இதெல்லாம் அதற்கு மேல். அதற்காக 158-ஐப் பொய் என்று தூக்கிப்போடவும் முடியாது. அது அந்த நிமிடத்தின் அளவு, அவ்வளவுதான்.

படி 4: திருப்பி அளப்பது

நான் எழுதி அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"கண்ணு, அம்மாவை பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லு. சாயுற நாற்காலியில உட்காரட்டும், பாதம் ரெண்டும் தரையில, கால் மேல கால் வேணாம். ஸ்வெட்டரைக் கழட்டிட்டு வெறும் கையில பட்டையைச் சுத்து, முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல. மேசையில தலையணை வச்சு, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வர்ற மாதிரி கையை வை. அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க, நீயும்தான். அப்புறம் ஒரு தடவை, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை அள. டீ குடிச்சு அரை மணி ஆகட்டும்."

பட்டையின் அளவையும் பார்க்கச் சொன்னேன். பட்டையிலேயே 22–32 என்பதுபோல அச்சிட்டிருக்கும், சென்டிமீட்டர் கணக்கு. தையல் டேப்பை மேல்கையின் நடுவில் சுற்றினால் தெரிந்துவிடும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிபி இல்லாதவருக்கும் கூடக் காட்டும். அண்ணிக்கு 30 இருந்தது, பட்டை சரிதான்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டு படம் வந்தது: 146/88, 141/86. எண் இறங்கிவிட்டது. "அப்ப நார்மலா?" என்று மறுபடி கேட்டான். இன்னும் இல்லை.

படி 5: ஏழு நாள் நோட்டு

காலையில் எழுந்து டீக்கும் மாத்திரைக்கும் முன்னால் இரண்டு முறை, ராத்திரி படுக்கும் முன் இரண்டு முறை, மேலே சொன்ன அதே முறையில், ஏழு நாள். முதல் நாள் எண்களைச் சேர்க்க வேண்டாம், புது மிஷின் பதற்றம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளின் 24 அளவுகளுக்கும் சராசரி. மேல் எண்கள் தனியாக, கீழ் எண்கள் தனியாக.

மூன்றாம் நாள் பக்கம் இப்படி இருந்தது: காலை 142/86, 138/84; இரவு 134/82, 136/84. மேல் எண்களைக் கூட்டினால் 550, நாலால் வகுத்தால் 137.5. கீழ் எண்கள் 336, வகுத்தால் 84.

வழியில் ஒரு தில்லுமுல்லு. நான்காம் நாள் அண்ணி ஐந்து முறை அளந்து, மிகக் குறைந்த இரண்டை மட்டும் நோட்டில் ஏற்றியிருந்தார். மிஷின் நினைவில் மற்ற மூன்றும் இருந்தன. "நாத்தனாரே, பரீட்சையா எழுதுறேன்?" என்று சிரித்தார். முதல் இரண்டை எடுத்து எழுதவைத்தேன். வந்ததில் நல்லதைப் பொறுக்கினால் சராசரிக்கு மதிப்பே இல்லை.

ஆறு நாள் சராசரி 137/84.

படி 6: பதில்

வீட்டில் அளக்கும் சராசரிக்கு ஐரோப்பிய வழிகாட்டிகள் வைத்திருக்கும் கோடு 135/85. அமெரிக்க வழிகாட்டி 130/80 என்று கீழே வைக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்கும் 140/90 அங்கே அளப்பதற்கானது, வீட்டு அளவுக்கு அதை வைக்கக் கூடாது. அண்ணியின் மேல் எண் ஐரோப்பியக் கோட்டுக்கு இரண்டு மேலே, கீழ் எண் ஒன்று கீழே. அதற்கு மேல் சர்க்கரை, சிறுநீரகம், வயது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது டாக்டர் வேலை. ஆகவே நான் எழுதியது:

"கண்ணு, முதல் படத்துல வந்த 158, நடந்து வந்த களைப்போட எடுத்தது. ஒரு வாரச் சராசரி 137/84. டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய எல்லையில இருக்கு, பயந்து ஓட வேண்டிய எண் இல்லை. இந்த வாரத்துக்குள்ள நோட்டோட கூட்டிட்டுப் போ. பக்கத்து வீட்டு மாத்திரையைக் கேட்டு வாங்கிக் கொடுத்துடாதே."

"பிபி வந்துடுச்சு" என்ற சொல்லும் "ஒண்ணுமில்லை" என்ற சொல்லும் அதில் கிடையாது. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் அனுப்பினேன், பெகுவில் எங்கள் தெருவை எனக்குத் தெரியும்.

டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, அடுத்த முறை வரும்போது மிஷினையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், தன்னுடையதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க. அண்ணன் மகன் புது பேட்டரி வாங்கிவிட்டான். டார்ச்சுக்குத் தனியாக.