தினம் ஒரு டிஜாக்சின் மாத்திரை: உடம்பில் மருந்து எங்கே போய் நிற்கும்?

இதயச் செயலிழப்புக்கும் தாறுமாறான இதயத் துடிப்புக்கும் தரும் பழைய மருந்து டிஜாக்சின். இன்று போட்ட மாத்திரை முழுதும் வெளியேறும் முன்பே நாளைய மாத்திரை உள்ளே போய்விடும். அப்படியானால் மருந்து நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகாதா? ஏறும், ஆனால் ஓர் எல்லைக்கு உட்பட்டுத்தான். அந்த எல்லையைக் கண்டுபிடிக்கப் பெருக்குத் தொடர் போதும்.

படி 1: இரண்டு எண்களை எடுங்கள்

மாத்திரை 250 மைக்ரோகிராம். குடலிலிருந்து சுமார் 70 சதவீதம்தான் உறிஞ்சப்படும் என்று வைத்தால், உடம்புக்குள் சேர்வது d = 175. சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவரிடம் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறும். மீதி நிற்பது r = 2/3. இந்த இரண்டை வைத்தே மொத்தக் கணக்கும்.

படி 2: கையால் கூட்டிப் பாருங்கள்

முதல் நாள் மாத்திரை போட்டதும் உடம்பில் 175. மறுநாள் அதில் 116.7 மீதி இருக்கும். புது 175 சேர்ந்து 291.7. மூன்றாம் நாள் 369.4, நான்காம் நாள் 421.3. கூடிய அளவைக் கவனியுங்கள்: 116.7, 77.8, 51.9. ஒவ்வொன்றும் முந்தியதில் மூன்றில் இரண்டு பங்கு. நீட்டிப் பார்க்க, விரிதாளில் A1 கட்டத்தில் முதல் வரியையும் A2-இல் அடுத்ததையும் போட்டு, A2-ஐக் கீழே இழுத்தால் போதும்:

```
=175
=A1*2/3+175
```

படி 3: எல்லை

n-ஆம் மாத்திரை போட்டதும் உடம்பில் இருப்பது பகுதிக் கூடுதல்:

```
S_n = d + d·r + d·r² + ... + d·r^(n-1)
```

இதை r-ஆல் பெருக்கி, மேலே உள்ளதிலிருந்து கழியுங்கள். நடுவில் உள்ள எல்லா உறுப்புகளும் அடிபட்டுப் போகும். முதலும் கடைசியும்தான் மிஞ்சும்.

```
S_n = d(1 - r^n)/(1 - r)
```

r ஒன்றைவிடச் சிறியது. அதனால் n கூடக் கூட rⁿ பூச்சியத்தை நெருங்கும். எல்லை d/(1 − r). நம் கணக்கில் 175 ÷ 1/3 = 525 மைக்ரோகிராம். சரிபார்க்க ஒரு வழி: 525-இல் மூன்றில் ஒரு பங்கு 175. அதாவது ஒரு நாளில் வெளியேறுவதும் புதிதாகச் சேர்வதும் சமம். ஏறுவதற்கு இனி இடமில்லை.

எல்லையில் 95 சதவீதத்தைத் தொட rⁿ 0.05-க்குக் கீழே போக வேண்டும். அதற்கு 8 நாள் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத நோயாளிக்குத் தொடக்கத்திலேயே 525 உள்ளே போகும்படி கொடுக்கலாம். கணக்குப்படி அது மூன்று மாத்திரை அளவு. மருத்துவர்கள் அதைச் சில மணி நேர இடைவெளியில் பிரித்துத்தான் தருவார்கள். நாமாகச் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

படி 4: இரத்த அளவாக மாற்றுங்கள்

டிஜாக்சின் பெரும்பாலும் தசைகளில் போய் உட்கார்ந்துவிடும்; இரத்தத்தில் மிகக் கொஞ்சமே இருக்கும். அதனால் அது கரைந்திருக்கும் கொள்ளளவைக் கிலோவுக்கு சுமார் 7 லிட்டர் என்று கணக்கில் எடுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு 420 லிட்டர். உடம்பில் அவ்வளவு இடம் ஏது என்று கேட்காதீர்கள், இது கணக்குக்கான லிட்டர்.

அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் உடம்பில் 525 × 2/3 = 350 இருக்கும். 350 ÷ 420, அதாவது மில்லிலிட்டருக்கு சுமார் 0.83 நானோகிராம். இதயச் செயலிழப்புக்கு வழக்கமாக எதிர்பார்க்கும் 0.5 முதல் 0.9-க்குள் இது வருகிறது. மாத்திரை போட்டவுடன் இரத்தம் எடுத்தால் எண் தப்பாக எகிறும், ஏனென்றால் மருந்து இன்னும் தசைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. குறைந்தது 6 மணி நேரமாவது கழிய வேண்டும்.

படி 5: r மாறினால்?

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சிறுநீரகம் அறவே இயங்காதவரிடம் ஒரு நாளில் சுமார் 14 சதவீதம்தான் வெளியேறும். r = 0.86. மாத்திரை அதே மாத்திரை. எல்லை மட்டும் 175 ÷ 0.14 = 1250. முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு, 95 சதவீதத்தைத் தொட 20 நாள் ஆகும். எட்டாம் நாள் அளந்தால் எல்லையில் 70 சதவீதம்தான் காட்டும். ‘பரவாயில்லையே’ என்று விட்டுவிட்டால், அப்புறமும் ஏறிக்கொண்டே இருக்கும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் தட்டுதல் எல்லாம் அளவு மீறியதன் அறிகுறிகள். வயதானவர்களுக்கு டோஸைக் குறைப்பதன் காரணமும் இந்த r-தான்.

இந்தச் சூத்திரத்தை எல்லா மருந்துக்கும் போட்டுவிடாதீர்கள். தினமும் *ஒரே விகிதம்* வெளியேறினால்தான் இது செல்லும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினில் அளவு ஏற ஏறக் கல்லீரல் திணறி, வெளியேறும் விகிதம் குறையும். அங்கே நிலையான r கிடையாது. டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் இரத்த அளவு எதிர்பாராமல் எகிறிவிடும்.