போனில் தமிழ் கீபோர்டு: "செட்டிங்ஸ் போங்க" என்று ஆரம்பிக்காதீர்கள்

தென்காசியில் இருக்கும் அத்தை ஒரு நாள் கூப்பிட்டார். வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதவேண்டும், எப்படி என்று சொல்லித் தா என்றார். நான் கேட்டது ஒரே கேள்வி, "என்ன போன் அத்தை?" அவர், "ஆண்ட்ராய்டு போன்தான்ப்பா" என்றார். அதை நம்பி நான் பிளே ஸ்டோர் திறங்க, கூகுள் கீபோர்டு தேடுங்க என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் போனில் பிளே ஸ்டோரே இல்லை. அது சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த பழைய ஐபோன்.

அத்தை பொய் சொல்லவில்லை. நம் ஊரில் பட்டன் போன் இல்லாத எல்லாமே பலருக்கு ஆண்ட்ராய்டு போன் அல்லது டச் போன். அதனால் எந்தப் போன் என்று பெயரைக் கேட்பதுதான் முதல் தவறு. கண்ணுக்குத் தெரிவதைக் கேளுங்கள்.

நான் இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்பது, எழுத்துக்கள் கண்ணாடித் திரையில் வருகின்றனவா, இல்லை விரலால் அழுத்தும் பட்டன்களா என்பதுதான். பட்டன் என்றால், அது பட்டன் போன் இல்லையென்றால், கம்ப்யூட்டர்; அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். திரை என்றால், வாட்ஸ்அப்பில் யாருக்காவது மெசேஜ் எழுதும் கட்டத்தைத் தொடச் சொல்வேன். கீபோர்டு மேலே வரும். அதில் கீழ் வரிசையில் நீளமாக ஒரு பட்டை இருக்கும், அதுதான் ஸ்பேஸ். அதற்கு இடது பக்கத்தில் கமா இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. ஐபோனின் ஆங்கில எழுத்துப் பக்கத்தில் கமா கிடையாது, 123 என்று ஒரு பொத்தானும் சிரித்த முகமோ பூமி உருண்டைப் படமோ இருக்கும். இதை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிரவுசரில் முகவரி அடிக்கும் இடத்தில் கமா இருக்கும் இடத்துக்கு வேறு குறி வந்துவிடும், நம் கணக்குத் தப்பிப்போகும். சந்தேகம் இருந்தால் ஆப் இறக்கும் கடையின் படத்தைக் கேளுங்கள். வண்ண முக்கோணம் என்றால் ஆண்ட்ராய்டு. அத்தை, "நீலக் கட்டத்துல வெள்ளையா ஏ மாதிரி இருக்கு" என்றார், அப்போதே விஷயம் முடிந்தது.

இரண்டாவது தவறு, செட்டிங்ஸிலிருந்து தொடங்குவது. ஒவ்வொரு கம்பெனி போனிலும் அங்கே உள்ள வரிசை வேறு, பெயரும் வேறு, ஆங்கிலம் வாசிக்கத் தயங்குகிறவர் நாலாவது வரியில் தொலைந்துவிடுவார். கீபோர்டு கண் முன்னால் இருக்கும்போது அதிலிருந்தே உள்ளே போகலாம். ஐபோனில் அந்தச் சிரித்த முகத்தை அல்லது உருண்டையைத் தொட்டுவிட்டு எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் Keyboard Settings என்று வரும். அதில் Keyboards, அடுத்து Add New Keyboard. நீண்ட பட்டியலில் T எழுத்துவரை கீழே தள்ளினால் Tamil. அத்தையிடம் நான் பெயரைச் சொல்லவில்லை, "கடைசிப் பக்கம் வாங்க, டீ போட்டு ஆரம்பிக்கிற பேரு, அஞ்சு எழுத்து" என்றேன். கண்டுபிடித்துவிட்டார். ஐபோனில் 2013இல் வந்த iOS 7 முதலே தமிழ் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது, எதையும் இறக்கத் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் கூகுளின் Gboard இருந்தால் அந்தக் கமாவை அழுத்திப் பிடித்து, தெரியும் பல்சக்கரப் படத்துக்கு விரலை நகர்த்தினால் Languages வரும், அதில் Add keyboard, பிறகு Tamil. சாம்சங் போனில் அவர்களுடைய சொந்தக் கீபோர்டு இருக்கும், அதற்குப் பல்சக்கரம் பொதுவாகக் கீபோர்டுக்கு மேலே உள்ள பட்டையில். அங்கே Languages and types, அடுத்து Manage input languages. தமிழுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அதைத் தொட்டு இறக்கவேண்டும், அதற்கு மட்டும் நெட் வேண்டும்.

இங்கேதான் பெரிய வம்பு ஒன்று நடக்கும். "லாங்குவேஜ்ல தமிழ் போடுங்க" என்று சுருக்கமாகச் சொன்னால் அவர் போனின் மொழியையே தமிழுக்கு மாற்றிவிடுவார். அப்புறம் செட்டிங்ஸ் "அமைப்புகள்" ஆகிவிடும், நீங்கள் சொல்லும் ஆங்கிலப் பெயர் எதுவும் அவர் திரையில் இருக்காது, கீபோர்டோ அப்போதும் ஆங்கிலத்திலேயே நிற்கலாம். போன் பேசும் மொழி வேறு, நாம் அடிக்கும் மொழி வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விண்டோஸிலும் இதே குழிதான். மொழி சேர்க்கும்போது Set as my Windows display language என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

தமிழைத் தொட்டவுடன் எந்த மாதிரிக் கீபோர்டு என்று கேட்கும். அதைக் கேட்காமல் நாமே முடிவு செய்வது மூன்றாவது தவறு. நாம் ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியிருப்போம், அதனால் எல்லோருக்கும் அதையே போட்டுக்கொடுப்போம். அத்தைக்கு ஆங்கில எழுத்து தேடித் தேடித்தான் வரும், தமிழ் நாளிதழ் தினமும் வாசிப்பார். ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக்கும் அஞ்சல் என்ற வகையை அவருக்குப் போட்டிருந்தால் அம்மா என்று எழுத ammaa என்று யோசிக்கவேண்டும். தமிழ் எழுத்துகளே தெரியும் Tamil 99 வகையைப் போடச் சொன்னேன். அதில் அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, முதல் ம மேல் புள்ளி தானாகவே விழும். மெசேஜில் தமிழையும் ஆங்கில எழுத்திலேயே அடிக்கும் இளசுகளுக்கு Gboard-இல் உள்ள abc → தமிழ் வகைதான் சுலபம். யாருக்கு எது என்று அறிய, "ஏற்கெனவே மெசேஜ் எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டால் போதும்.

தேடிப்பிடித்து ஏதோ ஒரு கீபோர்டு ஆப்பை இறக்கச் சொல்வதும் வேண்டாம். கீபோர்டு ஆப் நாம் அடிக்கும் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் பார்க்கக்கூடியது, ஆண்ட்ராய்டே அந்த எச்சரிக்கையைக் காட்டும். ஏற்கெனவே இருப்பதில் தமிழ் இல்லை என்று உறுதியானால் மட்டும் Gboard இறக்கச் சொல்லலாம்.

ஒரு சின்ன விஷயம், பேசிக்கொண்டிருப்பதும் அதே போனில்தான் என்பதை மறந்துவிடுவோம். முதலில் ஸ்பீக்கர் போடச் சொல்லி, பேசும் திரையை விட்டு வெளியே வந்தாலும் கால் கட் ஆகாது என்று சொல்லிக்கொடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் கேட்காதீர்கள், அது எப்படி எடுப்பது என்பதும் போனுக்குப் போன் மாறும். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் கீபோர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது எளிது.

கம்ப்யூட்டர் என்றால் ஸ்பேஸ் பட்டைக்கு இடது பக்கமுள்ள சாவிகளில் command என்று எழுதியிருக்கிறதா, நாலு கட்டம் போட்ட ஜன்னல் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். command என்றால் மேக். ஜன்னல் என்றால் விண்டோஸ், அதில் மட்டும் Settings திறந்து Time & language, அடுத்து Language & region, பிறகு Add a language.

சேர்த்தாயிற்று என்று போனை வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அத்தை Done தொட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போனார், "இன்னும் இங்கிலீஷ்தாம்ப்பா வருது" என்றார். தமிழ் சேர்ந்திருந்தது, மாற்றத் தெரியவில்லை. ஐபோனில் மூலையில் உள்ள உருண்டையைத் தட்டவேண்டும். Gboard-இல் உருண்டை, இல்லாவிட்டால் ஸ்பேஸை அழுத்திப் பிடிக்கவேண்டும். சாம்சங்கில் ஸ்பேஸ் மேல் விரலை இடமிருந்து வலமாக இழுக்கவேண்டும். விண்டோஸில் ஜன்னல் சாவியோடு ஸ்பேஸ். தமிழுக்குப் போய் ஒரு வார்த்தை, திரும்ப ஆங்கிலத்துக்கு வந்து ஒரு வார்த்தை, இதை மூன்று தரம் செய்யவைத்தேன். நாலாவது தரம் நான் சொல்லாமலே அத்தை "சாப்பிட்டியா" என்று அனுப்பினார்.