சென்னைச் சமையலறைக்கு ஒரு வாரக் கட்டம்

கோலாலம்பூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னைக்குக் குடிவந்தவர்களுக்கு முதல் மாதத்தில் சமையல் தெரியாமல் போவதில்லை. கடை தெரியாமல்தான் போகிறது. எல்லாமே ஒரே கூரைக்கு அடியில் கிடைக்கும் ஊர் இல்லை இது. மீன் ஓரிடம், கீரை தள்ளுவண்டியில், பருப்பு மளிகைக் கடையில், பால் காலையில் பூத்தில். அதனால் இங்கே வாரச் சாப்பாட்டைத் திட்டமிடுவதென்றால், எந்த நாளில் என்ன கெடும், எது எந்தக் கடையில் இருக்கும் என்ற இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வேளச்சேரியில் குடியேறிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. காகிதத்தில் கிறுக்கி வைத்திருந்தது இவ்வளவுதான்: மீன் குழம்பு, கீரை மசியல், இட்லி, சாம்பார், சப்பாத்தி குருமா, வத்தக்குழம்பு, எலுமிச்சை சாதம், முட்டைக் குழம்பு, கூட்டு, பொங்கல், தயிர் சாதம். இதை அப்படியே திங்கள் தொடங்கி வரிசையாக நிரப்பினால் புதன்கிழமை கீரை அழுகிக் கிடக்கும்.

முதலில் நகர்த்த முடியாதவற்றைக் கட்டத்தில் அறையுங்கள். அசைவம் ஞாயிறு. வெள்ளி சைவம். சில வீடுகளில் சனியும் செவ்வாயும் அப்படித்தான். அமாவாசை என்றைக்கு என்று தினசரி காலண்டரில் பார்த்துவிடுங்கள். அது ஞாயிறன்று வந்தால் மீன் புதனுக்குப் போகும், முட்டைக் குழம்பு அதன் இடத்துக்கு வராது, அன்று சாம்பார்தான். புரட்டாசி மாதம் முழுக்க அசைவம் தொடாத வீடுகளும் உண்டு. காந்தி ஜெயந்தி, மகாவீரர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் ஆகிய நாட்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும்.

இரண்டாவது, மாவு. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஞாயிறு காலை ஊறப்போட்டு, மாலை அரைத்து, பாதிப் பாத்திரம் காலியாக இருக்கும்படி வைத்தால் திங்கள் காலைக்குள் பொங்கிவிடும். மே மாதத்தில் ஆறேழு மணி நேரம் போதும், அதற்கு மேல் வெளியே விட்டால் புளித்துப்போகும். மார்கழியில் இரவு முழுக்கப் பிடிக்கும். பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் புளிப்பு ஏறியிருக்கும், வெங்காயம் தூவி ஊத்தப்பம். இந்த வரிசையைத் திருப்பிப் போட முடியாது. ஆகவே மூன்று காலைகள் தானாகவே நிரம்பிவிட்டன.

மூன்றாவது, காயின் ஆயுள். ஞாயிறு காலை வாங்கினால் கீரை திங்கள் மதியத்துக்குள், வெண்டைக்காயும் முருங்கைக்காயும் செவ்வாய், புதனுக்குள். உருளைக்கிழங்கும் வெட்டாத பூசணியும் வெள்ளி வரை அசையாது. வத்தல், புளி, அப்பளம் எப்போதும் இருக்கும். அதனால் வத்தக்குழம்பை வியாழனில் வைத்தேன். வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்து, காய்க்காரர் வராத நாள் எதுவோ அந்த நாளுக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் கட்டத்தில் இப்படி ஒரு சாப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

| நாள் | காலை | மதியம் | இரவு |
|---|---|---|---|
| ஞாயிறு | ரவை உப்புமா | மீன் குழம்பு, ரசம் | சோறு, மீதிக் குழம்பு |
| திங்கள் | இட்லி, தேங்காய்ச் சட்னி | கீரை மசியல், ரசம் | சப்பாத்தி, குருமா |
| செவ்வாய் | தோசை, இட்லிப் பொடி | முருங்கைக்காய் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல் | சோறு, மீதிச் சாம்பார், அப்பளம் |
| புதன் | ஊத்தப்பம், தக்காளிச் சட்னி | எலுமிச்சை சாதம், உருளை வறுவல் | சோறு, முட்டைக் குழம்பு |
| வியாழன் | வெண்பொங்கல் | வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம் | சப்பாத்தி, மீதி முட்டைக் குழம்பு |
| வெள்ளி | சேமியா | பூசணிக்காய்க் கூட்டு, ரசம் | தயிர் சாதம், ஊறுகாய் |
| சனி | இருப்பதை வைத்து | இருப்பதை வைத்து | |

சனி இரவு மறந்து விடுபட்டதல்ல. அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம்.

இனி பட்டியல். பண்டம் பண்டமாக எழுதினால் ஒரே பொருள் நாலு இடத்தில் வரும். தக்காளியைப் பாருங்கள்: மீன் குழம்புக்கு 3, மூன்று ரசத்துக்கும் சேர்த்து 6, குருமாவுக்கு 2, சாம்பாருக்கு 2, சட்னிக்கு 5, முட்டைக் குழம்புக்கு 3. மொத்தம் 21, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆனால் ஒன்றரைக் கிலோவும் நாட்டுத் தக்காளியாக வாங்கினால் புதனுக்குள் கசிந்துவிடும். புளிப்புக்காக முக்கால் கிலோ நாட்டுத் தக்காளி வாங்கி வாரத் தொடக்கத்தில் தீர்த்துவிடுங்கள். தோல் கெட்டியான பெங்களூர் தக்காளி முக்கால் கிலோ பின்பாதிக்கு. தேங்காய் இதற்கு நேர்மாறு. சட்னி, குருமா, கூட்டு என்று மூன்று பண்டத்தில் வருவதால் மூன்று தேங்காய் வாங்கத் தோன்றும். சட்னிக்கு ஒரு மூடி, குருமாவுக்கு அரை மூடி, மிச்ச அரை மூடியைத் துருவி ஃப்ரீசரில் போட்டால் வெள்ளிக்கிழமைக் கூட்டுக்கு ஆகிவிடும். ஒரே ஒரு தேங்காய்!

கூட்டிய பிறகு, பண்டத்தின் பெயரை மறந்துவிட்டு, கால் போகும் வழியில் பிரியுங்கள்:

மளிகை (சனி மாலையே): இட்லி அரிசி, பச்சரிசி, உளுந்து, துவரம் பருப்பு, பாசிப் பருப்பு, கோதுமை மாவு, ரவை, சேமியா

மசாலா, வத்தல் வரிசை: புளி, மிளகு, சாம்பார் பொடி, சுண்டைக்காய் வத்தல், அப்பளம், நல்லெண்ணெய்

காய்ப் பகுதி: தக்காளி இரண்டு வகை, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பெரிய வெங்காயம் ஒரு கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, வெண்டைக்காய் கால் கிலோ, முருங்கைக்காய் 2, சின்ன முழுப் பூசணி 1, எலுமிச்சை 3, கீரை ஒரு கட்டு, தேங்காய் 1, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்

குளிர்பெட்டி: தயிர் (வெள்ளிக்கிழமைக்கு மட்டும்; சேர்த்து வாங்க வேண்டாம்)

முட்டை: 6

மீன் கடை (கடைசியில்): குழம்புக்கு முக்கால் கிலோ, அங்கேயே சுத்தம் செய்து

பால் இதில் கிடையாது. ஆவின் பச்சை பாக்கெட்டோ நீலமோ, பூத்தில் தினமும் வாங்குவது. கறிவேப்பிலை, கொத்தமல்லியையும் எழுதவில்லை. தெருக் காய்க்காரரிடம் வாங்கினால் கொசுறாகக் கையில் வைப்பார். சூப்பர் மார்க்கெட்டில் அது நடக்காது, அங்கே போவதானால் காய்ப் பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட் பழக்கம் ஒன்று புதியவர்களைத் திணறடிக்கும். பல கடைகளில் உதிரிக் காயைக் காய்ப் பகுதியிலேயே எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பில் போடுமிடத்தில் எடை பார்க்க மாட்டார்கள். பின்னால் வரிசை நிற்க, நீங்கள் திரும்ப ஓடுவீர்கள். காய்ப் பகுதிப் பொருட்கள் பட்டியலில் ஒன்றாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடை போட்டு முடித்துவிடலாம்.

மீனைக் கடைசியில் போட்டதற்குக் காரணம் வெயில். மீன் வாங்கிய பிறகு வேறு கடை ஏறாமல் நேரே வீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப் படகு மீன்தான் வரும், விலை எகிறும். அந்த ஞாயிறுகளில் கட்டத்தில் கோழியோ கருவாட்டுக் குழம்போ எழுதிவிடுங்கள்.

சனி மதியம் சமைப்பதற்குமுன் கூடையையும் ஃபிரிட்ஜையும் திறந்து பார்த்து, மிஞ்சியதை அடுத்த வாரப் பட்டியலின் தலையில் எழுதுங்கள். உருளைக்கிழங்கு அரைக் கிலோ மிஞ்சியிருந்தால் வரும் வாரம் அரைக் கிலோ வாங்கினால் போதும். ஒரே காய் இரண்டு வாரம் தொடர்ந்து மிஞ்சினால் அந்தப் பண்டத்தையே கட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்கோ அது பிடிக்கவில்லை.