உங்கள் கார்பெட் கம்பளியா, நைலானா, பாலியஸ்டரா? காபி கொட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பழைய கார்பெட் ஒன்றை விலைக்கு வாங்கினேன். விற்றவர் "அசல் கம்பளி" என்றார். அடியில் லேபிள் இல்லை. ஒரு நாள் பால் கலந்த காபி அரைக் கோப்பை அதன் மேல் கொட்டியது. கறை நீக்கும் முறையைத் தேடினால் ஒருவர் சலவைத்தூள் என்கிறார், இன்னொருவர் வினிகர் என்கிறார், மூன்றாமவர் அம்மோனியா என்கிறார். மூவருமே சரிதான், அவரவர் இழைக்கு. நைலானைக் காப்பாற்றும் திரவம் கம்பளியைக் கெடுத்துவிடும். அதனால் இழை எது என்பதிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு நேரம் இருக்கும்போதே, எதுவும் கொட்டாத ஒரு நாளில் இதைச் செய்து வையுங்கள்.

முதல் படி: ஒரு நூலை எரித்துப் பாருங்கள்

கார்பெட்டின் ஓரத்திலோ கனமான மேசை நிற்கும் மூலையிலோ நான்கைந்து நூல்களைக் கத்தரித்து எடுங்கள். அடித்துணியின் நூலை எடுத்துவிடாதீர்கள், அது வேறு பொருள். கார்பெட்டை விட்டுத் தள்ளி, உலோகத் தட்டின் மேல், இடுக்கியால் நூலைப் பிடித்து நெருப்பு காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். உருகிய நைலான் துளி தோலில் ஒட்டினால் பிய்த்தெடுக்க முடியாது, கையால் பிடிக்காதீர்கள்.

கம்பளி தீயிலிருந்து சுருண்டு விலகும், மெதுவாக எரியும், நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணையும். முடி கருகும் வாடை வரும். மிஞ்சும் கரியை விரலில் தேய்த்தால் பொடியாகும். நைலானும் பாலியஸ்டரும் உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கடினமான மணி ஒன்று நிற்கும். இரண்டில் பாலியஸ்டர்தான் கறுத்த புகை விட்டு எரியும். ஆனால் இந்த இரண்டையும் நெருப்பை மட்டும் வைத்துப் பிரிப்பது தொடக்கத்தில் கடினம். சந்தேகம் தீரவில்லை என்றால் நைலான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டு குளோரின் ப்ளீச்சில் ஒரு நூலைப் போடுங்கள். கம்பளி குமிழி விட்டுக் கரையத் தொடங்கும், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். ஒரு கார்பெட்டில் ப்ளீச் ஊற்றினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் இதைக் காட்டினால் போதும்.

என் கார்பெட் என்ன சொன்னது? முடி வாடை வந்தது, கரியும் பொடிந்தது, ஆனால் பொடிக்குள் இரண்டு மூன்று கடினமான துணுக்குகள் உருண்டன. கம்பளியோடு கொஞ்சம் செயற்கை இழை கலந்தது என்று பொருள். கலப்பு ஒன்றும் மோசடி அல்ல. நான்கு பங்கு கம்பளிக்கு ஒரு பங்கு நைலான் என்பது உறுதிக்காக வேண்டுமென்றே செய்யப்படும் வழக்கமான கலவை. "அசல்" என்று சொன்னதுதான் இடிக்கிறது. கலப்பு என்றால் அதில் மென்மையான இழைக்கு ஏற்ற முறைதான் விதி. ஆகவே இதைக் கம்பளியாகவே நடத்தினேன்.

இரண்டாவது படி: அந்த இழைக்கு எது பகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கம்பளி புரதம், நம் தலைமுடியைப் போல. மேலே மீன் செதில் போன்ற அடுக்கு இருப்பதால் சிந்திய திரவம் கொஞ்ச நேரம் முத்தாக நிற்கும். உள்ளே போய்விட்டால் கதை மாறும்: தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தொட்டால் ஈரமாகவே தெரியாது. காரம் கலந்த சோப்பு அதை மஞ்சளாக்கி முரடாக்கும். சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை.

பால் கறைக்கு நொதி கலந்த சலவைத்தூள் நல்லது என்பார்கள். பாலில் இருப்பதும் புரதம், கம்பளியும் புரதம். நொதிக்கு இரண்டும் ஒன்றுதான். முன்பு வேறொரு கம்பளி விரிப்பில் இதைச் செய்து, கறை போன இடத்தில் வழுக்கை வாங்கினேன்.

நைலான் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் இழை. அதற்குச் சாயம் போடுவதே அமிலச் சாயத்தால்தான்; சிவப்புப் பானங்களில் இருக்கும் உணவு நிறமும் அதே குடும்பம். அதனால்தான் பல நைலான் கார்பெட்டுகளுக்குத் தொழிற்சாலையிலேயே கறைத்தடுப்புப் பூச்சு பூசுகிறார்கள். கடுமையான காரச் சோப்பு அந்தப் பூச்சையும் கழற்றிவிடும். சந்தேகம் இருந்தால் நைலான் என்று நினையுங்கள் என்றது இதற்காகத்தான். பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, காபியெல்லாம் எளிதில் கழன்றுவிடும். எண்ணெய் மட்டும் அதன் பலவீனம். வெறுங்காலின் எண்ணெய்ப்பசை ஒட்டி, அதன் மேல் தூசி ஒட்டி, ஆட்கள் நடக்கும் தடம் கறுத்துக்கொண்டே வரும்.

மூன்றாவது படி: கறையை எடுப்பது

முதல் நிமிடத்து வேலை எல்லா இழைக்கும் ஒன்றுதான். வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து அழுத்தி ஒற்றுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. தேய்க்காதீர்கள். துணியில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை இதையே செய்யுங்கள். என் அரைக் கோப்பையில் பெரும்பகுதி இதிலேயே போனது.

அடுத்து, ஒரு மூலையில் ஈரத்துணியை அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். கார்பெட்டின் சாயம் துணியில் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, தொழில்முறைச் சலவையாளரிடம் விடுங்கள்.

சாயம் இறங்கவில்லை என்றால், ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி நிறமற்ற பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியில் நனைத்து ஒற்றுங்கள். இது பாலின் கொழுப்பை எடுக்கும். பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றுங்கள். மிச்சமிருக்கும் பழுப்புக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். லேசான அமிலம் கம்பளிக்கு ஒத்துப்போகும். முன்பு அந்த இடத்தில் ப்ளீச் பட்டிருந்தால் வினிகர் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இவ்வளவு செய்தும் வெளிர் நிறச் செயற்கை கார்பெட்டில் நிழல் தங்கினால், மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கம்பளியில் நான் அதைத் தொடுவதில்லை.

கடைசியாகத் தண்ணீரால் இரண்டு முறை ஒற்றி சோப்பை முழுக்க எடுங்கள். சோப்பு தங்கினால் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, இரண்டு வாரத்தில் அதே இடம் மறுபடி அழுக்காகத் தெரியும். கறை திரும்பி வந்துவிட்டதாகப் பலர் நினைப்பது இதைத்தான்.

உண்மையாகவே திரும்பி வருவதும் உண்டு. அடித்துணியில் தங்கிய காபி, காயும்போது நூல் வழியாக மேலேறி நுனியில் நிற்கும். அதைத் தடுக்க, காய்ந்த துண்டு இரண்டை மடித்து மேலே வைத்து, கனமான பாத்திரம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பாத்திரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கட்டும், துரு இறங்காது. காலையில் என் துண்டில் வெளிர் பழுப்பு வட்டம் ஒன்று இருந்தது, கார்பெட்டில் இல்லை.

தேய்மானம் பற்றி

அடுத்த கார்பெட் வாங்கும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: கட்டைவிரலால் நூலை ஒரு நிமிடம் அழுத்திவிட்டு எழுவதைக் கவனியுங்கள். நைலானும் கம்பளியும் எழும். மலிவான பாலியஸ்டர் படுத்தே கிடக்கும். பாலியஸ்டர் தேய்ந்து தீர்வதற்கு வெகுகாலம் முன்பே நடக்கும் தடத்தில் படுத்து அலங்கோலமாகிவிடும், அதனால் ஆள் நடமாட்டம் குறைந்த அறைக்கே அது சரி. காலணியோடு நடக்கும் தாழ்வாரத்துக்கு நைலான். கம்பளி உராய்வில் நைலான் அளவுக்குத் தாங்காது என்றாலும், அழுக்கை வெளிக்காட்டாமல் பல ஆண்டுகள் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். புதுக் கம்பளியில் தொடக்க மாதங்களில் பஞ்சு பஞ்சாக உதிர்வது தயாரிக்கும்போது உள்ளே தங்கிய துண்டு இழைகள்தான். வாக்குவம் கிளீனரின் சுழலும் தூரிகையை அணைத்துவிட்டு, வெறும் உறிஞ்சலில் சுத்தம் செய்யுங்கள்.