ஸ்டென்ட் வைத்த பிறகு ஊருக்குப் போகும்போது

அத்தானுக்கு மார்ச்சில் மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆகஸ்டில் நல்லூர்த் தேருக்குப் போயே ஆகவேண்டும் என்று நின்றார். டொரோண்டோவில் ஆளுக்கொரு பயம் காட்டினார்கள், பிளேன் மேலே போனால் ஸ்டென்ட் நழுவும், செக்கிங்கில் மணி அடிக்கும் என்றெல்லாம். இரண்டும் நடக்காது. அந்தக் கம்பிவலை ரத்தக்குழாயின் சுவரோடு அழுந்திக்கிடப்பது, காற்றழுத்தம் குறைந்தால் அசையாது.

பிளேனுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி. அதாவது நுவரெலியாவைவிடச் சற்று உயரமான ஓர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கதிரையில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒட்சிசன் கொஞ்சம் குறையும், தேறிய இதயம் அதைத் தாங்கும். தேறியதா என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் இதய மருத்துவர்கள் 2010இல் தந்த வழிகாட்டலின்படி, 65 வயதுக்குக் குறைந்தவர், முதல் மாரடைப்பு, அடைப்பை நீக்கியாயிற்று, இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதத்துக்கு மேல், வேறு சிக்கலோ அடுத்த சிகிச்சையோ இல்லை என்றால் மூன்று நாளிலேயே பறக்கலாம். நடுத்தர ஆபத்து உள்ளவருக்குப் பத்து நாள். பம்ப் திறன் 40க்குக் கீழே, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் நாள் கணக்கே கிடையாது, நிலை சீராகும்வரை டிக்கெட் போடவேண்டாம். இந்தக் கணக்கு பறப்பதற்கு மட்டும்தான், ஊர் சுற்றுவதற்கு அல்ல. அதனால் அவசரமில்லாதவர் கூடுதலாகவே பொறுக்கலாம்.

உண்மையான ஆபத்து குளிசையில் இருக்கிறது. புது ஸ்டென்டில் ரத்தம் கட்டாமல் காப்பது அஸ்பிரினும் அதன் துணைக் குளிசையும்தான். அத்தானுக்கு டிக்காகிரெலோர், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். இது ஒரு நாள் தவறினாலே வம்பு. அவர் அதைப் பெரிய சூட்கேசில் போட்டிருந்தார்! கைப்பைக்கு மாற்றினோம், திரும்பும் நாளுக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்குக் காணும்படி.

நேரக் கணக்கும் குழப்பம். வீட்டில் காலை 8, இரவு 8. கோடையில் கொழும்பு டொரோண்டோவுக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னால். ஆகவே கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம் என்றேன். புறப்படும் இரவு 8க்கு ஒன்று, டொரோண்டோ நேரப்படி காலை 8க்கு நடுவழியில் ஒன்று, அடுத்தது டொரோண்டோ இரவு 8, அப்போது ஊரில் விடிகாலை 5:30. அங்கே போனதும் 5:30, 5:30 என்றே வைத்துக்கொண்டார், காலைத் தேநீரோடு ஒன்று, பின்னேரம் ஒன்று. தவறவிட்டால் அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும், இரட்டிப்பாக விழுங்கக்கூடாது.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு முன்னமே சொல்லிவையுங்கள். அத்தான் ரோஷக்காரர், மாட்டேன் என்றார். நடுவில் மாறும் விமான நிலையத்தின் நடையைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். 23 கிலோ பெட்டியைப் பெல்ட்டிலிருந்து இழுக்கும் வேலை பிள்ளைகளுக்கு. கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வான் வண்டியில் ஏழெட்டு மணி நேரம், இறங்கிய கையோடு ஏறாதீர்கள். ஒரு இரவு தங்கிப் போகலாம், வழியில் இரண்டு மணிக்கொருதரம் இறங்கி நடக்கவேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது அலுப்பு அல்ல, ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

நுவரெலியாவுக்கு வாகனத்தில் போய் வருவதில் பெரிய தொல்லை இல்லை. சிவனொளிபாதமலை வேறு கதை. அங்கே உயரத்தைவிட, தூக்கமில்லாத இரவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் உச்சியின் குளிருமே இதயத்தைச் சோதிப்பவை. ட்ரெட்மில் சோதனை செய்து மருத்துவர் சரி சொல்லாமல் கால் வைக்கவேண்டாம்.

காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கக் குளிசை இரண்டு போடுகிறேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் கடிதமும் கடைசி ஈ.சி.ஜி.யும் போனில் படமாக இருக்கட்டும். மாரடைப்பு வந்தவரின் ஈ.சி.ஜி.யில் பழைய தழும்பு தெரியக்கூடும், எது புதிது என்று அங்குள்ள மருத்துவருக்கு ஒப்பிடவேண்டுமே.

நல்லூரில் ஒன்று நாங்கள் யோசிக்கவே இல்லை. விரதம், வெயில், வியர்வை, அதோடு பிரஷர்க் குளிசை, எழும்பும்போது தலை சுற்றியது. தண்ணீர் கொடுத்து நிழலில் இருத்திவிட்டு, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடிக்கும் ஸ்ப்ரே எங்கே என்று கேட்டேன். சேட்டுப் பையில் என்றார். சேட்டைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டல்லவா வேட்டியோடு உள்ளே வந்தோம்! தலைச்சுற்றுக்கு அதை அடிக்கக்கூடாதுதான், பிரஷரை இன்னும் இறக்கிவிடும். வலி வந்திருந்தால்? இருந்தபடி ஒன்று அடித்து, ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990க்கு அழைக்கவேண்டும், அம்புலன்ஸ் இலவசம். மறுநாளிலிருந்து ஸ்ப்ரே அவர் இடுப்பு மடியில் இருந்தது.