நீண்ட பத்தியை இழையாக உடைக்கும்போது

பெங்களூருக்குக் காவிரி நீர் எப்படி வருகிறது என்று எக்ஸ் தளத்தில் எழுத உட்கார்ந்தேன். ஒரே பத்தி, ஆறு வாக்கியம். ஒரு பதிவின் வரம்பான 280 எழுத்து தாண்டும் இடங்களில் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இழையாகப் போட்டேன். மூன்றாம் பதிவு "அதனால்தான் மின்செலவு அதிகம்" என்று தொடங்கியது. அதை மட்டும் பார்த்தவர்களுக்கு எதனால் என்றே புரியவில்லை.

அளவு பார்த்து வெட்டக் கூடாது, வாசகருக்குக் கேள்வி எழும் இடத்தில் வெட்ட வேண்டும். "நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது" என்றதும் "தானாக ஓடி வராதா?" என்று கேட்கத் தோன்றும். அங்கே முதல் வெட்டு. அடுத்த பதிவில் பதில்: நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீர் எடுக்கும் இடம் அதைவிடத் தாழ்வு, பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பதிவின் முதல் சொல்லையும் பாருங்கள். அது, இது, அதனால், அங்கே என்று இருந்தால் பெயரையே போடுங்கள். "அதனால்தான்" என்பது "நீரை மேலே ஏற்றுவதால்" என்று மாறினால் பதிவு தனியாகவும் நிற்கும்.

தமிழில் இடம் சீக்கிரம் தீரும். கொம்பு, புள்ளி எல்லாம் தனியாக எண்ணப்படும். "பெங்களூரு" கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஒன்பது. பதிவுக்கு 25 சொல் என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி வராது.

1/5, 2/5 எண்களை எல்லாப் பதிவையும் எழுதி முடித்த பிறகு போடுங்கள். முன்பே போட்டு, பாதியில் ஒரு பதிவு கூடினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும், எனக்கு இரண்டு முறை ஆயிற்று. ஒவ்வொரு பதிவையும் அதற்கு முந்தைய பதிவின் கீழே ரிப்ளையாக இடுங்கள். எல்லாவற்றையும் முதல் பதிவுக்கே ரிப்ளையாகப் போட்டால் வரிசை கலைந்துவிடும்.