கர்ப்பகாலப் பூஞ்சைத் தொற்று: உள்ளே வைக்கும் மாத்திரை ஏன், விழுங்கும் மாத்திரை ஏன் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, "அக்கா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க, வீட்டுல அரிப்புன்னு சொல்றாங்க" என்பார். பாலக்காட்டுக் கடையில் வாங்கியதோ பொள்ளாச்சியில் வாங்கியதோ, பாக்கெட் ஒன்றுதான். வெள்ளைப்படுதலுக்கு என்று மூன்று மருந்துகளை ஒன்றாகப் போட்ட கிட். அதில் ஒன்று பூஞ்சைக்கு விழுங்கும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை. யாருக்கு என்று கேட்டால்தான், "ஏழு மாசம்" என்று மெல்ல வரும்.

இந்த ஒரு மாத்திரையைப் பற்றியும், அதற்குப் பதிலாக எதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் படிப்படியாகப் பார்க்கலாம். செல்வி என்ற ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 24, முதல் கர்ப்பம், 28-ஆம் வாரம்.

படி 1: பூஞ்சைதானா என்று உறுதி செய்வது

செல்விக்கு நான்கு நாளாக அரிப்பு. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் வருகின்றன, நாற்றம் இல்லை. சிறுநீர் போகும்போது வெளித்தோலில் எரிகிறது. மாமியார் "சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்கிறார். வெந்தயம் குடிப்பதில் தவறில்லை, ஆனால் இந்த அரிப்பு சூட்டினால் வருவது அல்ல. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. அதனால் யோனிச் சுவரில் சர்க்கரைச் சேமிப்பு அதிகமாகி, அங்கே ஏற்கெனவே அமைதியாக இருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகிவிடுகிறது.

கர்ப்பத்தில் சாதாரணமாகவே வெள்ளைப்படுதல் கூடும். அரிப்பும் எரிச்சலும் இல்லாமல் மெல்லிய வெள்ளை மட்டும் என்றால் மருந்து தேவையில்லை. மீன் நாற்றம், பச்சை மஞ்சள் நிறம், புண், காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேறு விஷயம். தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருந்தால் பனிக்குடம் கசிகிறதா என்று அன்றே ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். செல்விக்கு இது முதல்முறை. ஆகவே கவுண்டரில் மருந்து கேட்காமல், ஆஷா அக்காவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மகப்பேறு மருத்துவரிடமோ போக வேண்டும்.

படி 2: எந்த மருந்து, ஏன்

மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், யோனிக்குள் வைக்கும் மாத்திரை, 7 இரவு. மைகோனசோல் 2 சதவீதக் கிரீமும் இதே வகைதான். ஃப்ளூகோனசோலும் இதே குடும்பத்து மருந்து. எல்லாமே பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன. அப்புறம் என்ன வித்தியாசம் என்றால், மருந்து போகும் வழி.

ஃப்ளூகோனசோலை விழுங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 மணி நேரம் ஆகும், எனவே ஒரே மாத்திரை பல நாள் உடம்பில் சுற்றும். நஞ்சுக்கொடியையும் தாண்டும். க்ளோட்ரிமசோலை உள்ளே வைத்தால் நூற்றில் 3 முதல் 10 பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது, அதையும் கல்லீரல் சீக்கிரம் உடைத்துவிடும். தொற்று இருக்கும் இடத்தில் மருந்து நிறைய, குழந்தை இருக்கும் இடத்தில் மிகக் குறைவு.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் நீண்ட நாள், தினமும் 400 முதல் 800 மில்லிகிராம் எடுத்த சில தாய்மாரின் குழந்தைகளுக்கு ஒரே மாதிரியான பிறவிக் குறைகள் இருந்ததாக 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அது அரிப்புக்குக் கொடுக்கும் அளவு அல்ல. ஆனால் 2016-இல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், பெரும்பாலும் 150 அல்லது 300 மில்லிகிராம் எடுத்தவர்களிடம்கூடக் கருச்சிதைவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. உள்ளே வைக்கும் மருந்து பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட்டபோதும் கூடுதலாகவே தெரிந்தது. மாத்திரைதான் காரணம் என்று இந்த வகை ஆய்வால் நிரூபிக்க முடியாது. ஆனால் நன்றாக வேலை செய்யும் வேறு வழி கையில் இருக்கும்போது அந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் கணக்கு.

படி 3: கடையில் எண்ணி வாங்குவது

இதைப் பலரும் கவனிப்பதில்லை. சில பாக்கெட்டில் 100 மில்லிகிராம் மாத்திரை 6 இருக்கும், சிலவற்றில் 200-இல் 3, சிலவற்றில் 500-இல் 1. கர்ப்பம் இல்லாதவர்களுக்கு இந்தக் குறுகிய கணக்கு சரி. கர்ப்பத்தில் 4 நாள் மருந்து பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் குணமாக்கியது, 7 நாள் மருந்து நூற்றில் 90-க்கும் மேற்பட்டோரைக் குணமாக்கியது என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. ஆகவே சீட்டில் 7 என்றால் 6 வாங்கி வராதீர்கள், ஏழாவதையும் கேட்டு வாங்குங்கள்.

வெளித்தோல் அரிப்புக்கு க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீம் மட்டும் போதும். கடையில் "சீக்கிரம் கேட்கும்" என்று தரும் நாலைந்து மருந்து கலந்த டியூப்களில் பலவற்றில் வலுவான ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும்.

படி 4: வைக்கும் முறை

இரவு படுக்கும் முன், சிறுநீர் கழித்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகம் குட்டையாக இருக்கட்டும். மாத்திரையை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரலால் வசதியாகப் போகும் ஆழம் வரை வையுங்கள். அப்ளிகேட்டர் கொடுத்திருந்தால் கர்ப்பத்தில் அதை வேண்டாம் என்றே பலரும் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் பயன்படுத்தச் சொன்னால் மட்டும், அழுத்தாமல். வைத்த பிறகு எழுந்து நடக்காமல் படுத்துவிடுங்கள்.

காலையில் வெள்ளைத் துகள்கள் வெளியே வரும். மாத்திரை வீணாகிவிட்டது என்று செல்வி பயந்து இன்னொன்று வைக்கக் கூடாது, அது கரைந்த மிச்சம்தான். ஒரு பேட் வைத்துக்கொண்டால் துணி கெடாது. உள்ளே சோப்போ டெட்டாலோ ஊற்றிக் கழுவக் கூடாது.

செல்விக்கு மூன்றாம் இரவு அரிப்பு பாதியாகும், ஐந்தாம் நாள் மறந்தே போகும். அப்போது நிறுத்துபவர்களுக்குத்தான் மறுபடி வருகிறது. முதல் இரவே எரிச்சல் தாங்க முடியாமல் அதிகமானாலோ, ஏழு இரவு முடிந்தும் அரிப்பு இருந்தாலோ, திரும்பப் போய்க் காட்ட வேண்டும். வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம், பூஞ்சையே இல்லாமலும் இருக்கலாம்.

28-ஆம் வாரம் என்பதால் செல்வி சர்க்கரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே விழுங்கிவிட்டிருந்தால்

மாசமாக இருப்பது தெரியாமல் ஒரு ஃப்ளூகோனசோல் 150 மாத்திரை போட்டவர்கள் நிறையப் பேர், அவர்களில் பெரும்பாலானோருக்கு ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது. அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. இரண்டாவது மாத்திரை போடாமல், போட்ட தேதியையும் எந்த மாத்திரை என்பதையும் கர்ப்பிணி அட்டையில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். 18 முதல் 20-ஆம் வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனில் குழந்தையின் இதயமும் கைகால்களும் பார்க்கப்படும், அந்த அட்டையையும் அன்று கொண்டு போங்கள்.